ஐம்பது கிலோவுக்கு மேல்

புதன்கிழமை காலை மருந்தக ஜன்னலில் வந்து விழுந்த பட்டியலைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. குழந்தைகள் வார்டு முப்பத்தாறு பாட்டில் பாரசிட்டமால் டிரிப் கேட்டிருந்தது. வழக்கமாக இருபத்திரண்டு கேட்பார்கள், மிஞ்சிப்போனால் இருபத்தைந்து. இருப்பதோ பதினாறு கட்டில். என்ன, பந்தி வைக்கிறார்களா அங்கே?

பட்டியலின் ஓரத்தில் நர்ஸ் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். 'ஏழாம் கட்டில், வயது 14, ஒரு வேளைக்கு 2 பாட்டில்.'

எரிச்சல் போன இடம் தெரியவில்லை. ஒரு பாட்டிலில் இருப்பது ஆயிரம் மில்லிகிராம். எண்பது கிலோ லாரி டிரைவர் வந்து படுத்தாலும் ஒரு வேளைக்கு ஒரு பாட்டில்தான். நூற்றிருபது கிலோ இருந்தாலும் அவ்வளவுதான். அதற்குமேல் எந்த வளர்ந்த மனிதனுக்கும் ஒரே வேளையில் போடக்கூடாது. பெரியவர்கள் வார்டில் போய் இரண்டாவது பாட்டிலை எடுத்தால் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கூடக் கையைப் பிடித்துக்கொள்வாள். அப்படியிருக்க, பதினாலு வயதுப் பிள்ளைக்கு எவன் இரண்டு பாட்டில் எழுதினான்?

அவள் அந்த மருத்துவமனையில் பதினாலு வருஷமாக மருந்தாளுநர். வயது நாற்பத்தொன்று. வார்டில் எல்லோருக்கும் அவள் மருந்தக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமை நர்ஸுக்குமே மருந்தக்காதான். ஜன்னலை மூடிவிட்டு, 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற பலகையை மாட்டிவிட்டு, மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினாள். முழங்கால் வலிக்காரி அவள். அன்றைக்கு அதன் நினைப்பே வரவில்லை.

மணி பதினொன்றே முக்கால். ஏழாம் கட்டிலின் கம்பியில் நர்ஸ் அப்போதுதான் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு பாட்டில் தட்டில் தயாராக இருந்தது.

"சிஸ்டர், அதைப் போடாதீங்க. அப்படியே இறக்கிடுங்க."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "பன்னெண்டு மணி டோஸ் அக்கா."

"தெரியும். இறக்குங்க."

கட்டிலில் கிடந்த பையன் அந்த வார்டுக்கே பெரிய உருவம். கால் இரண்டும் கட்டிலின் கடைசிக் கம்பியைத் தொட்டன. ஞாயிற்றுக்கிழமை கோல் கம்பத்தில் மோதி முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டு வந்தவன். திங்கட்கிழமை அறுவை செய்து தகடு வைத்திருந்தார்கள். எடை தொண்ணூற்று நாலு கிலோ. அவனுடைய கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் குண்டூசி. நர்ஸுகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"எனக்கு மட்டும் ரெண்டு பாட்டில் ஆன்ட்டி. பக்கத்துக் கட்டில்காரனுக்கெல்லாம் அரை பாட்டில்தான்" என்றான் அவன். சொல்லும்போது ஒரு பெருமை. ஆனால் குரலில் சாரமில்லை. மூன்று நாளாகச் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா சொன்னாள்.

"எத்தனை வேளை போட்டாச்சு சிஸ்டர்?"

நர்ஸ் தாளைப் புரட்டினாள். "திங்கள் சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து ஆறு மணி நேரத்துக்கொரு தடவை. ஏழு வேளை."

"ஒரு வேளைக்கு எவ்வளவு?"

"ஆயிரத்து நானூத்திப் பத்து. ஒரு முழு பாட்டில், ரெண்டாவதுல நாப்பத்தொரு மில்லி. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சுக்கா. டாக்டர்கிட்டக் கேட்டேன். அவர் அட்டையைப் பாத்துதான் எழுதினேன்னார். நானும் போய்ப் பாத்தேன். அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு."

அட்டை.

அந்த அட்டையின் கதையைச் சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும். இரண்டு வருஷத்துக்கு முன் குழந்தைகள் வார்டில் டாக்டர்கள் உள்ளங்கையில் பேனாவால் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம். பத்து கிலோவுக்கு நூற்றைம்பது. பதினேழு கிலோவுக்கு எவ்வளவு? ராத்திரி முழுக்கக் கண்விழித்த மனிதனுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு எங்கேயிருந்து வரும்? ஒருமுறை ஒருவர் புள்ளியை இடம்மாற்றி வைத்துவிட்டார். அவள்தான் கண்டுபிடித்துத் தடுத்தாள். அன்றைக்கே உட்கார்ந்தாள்.

எட்டு மாதம். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு, தன் பழைய கணினியில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு வரி போட்டாள். பத்து கிலோவிலிருந்து ஐம்பது வரை. எத்தனை மில்லிகிராம், பாட்டிலிலிருந்து எத்தனை மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எல்லாம். ஐம்பதாவது கிலோவுக்கு எழுநூற்றைம்பது மில்லிகிராம். அதோடு பெருக்கலை நிறுத்தினாள். நிறுத்தியது சோம்பலில் அல்ல. ஐம்பது கிலோ தாண்டிய பிள்ளைக்கு இந்த மருந்தில் கிலோ கணக்குக் கிடையாது. அவன் வயது பதிமூன்றோ பதினைந்தோ, படுத்திருப்பது குழந்தைகள் வார்டிலோ வேறு வார்டிலோ, பெரியவர் அளவுக்கு மாறிவிட வேண்டியதுதான். ஆகவே கடைசியாக, அட்டையின் முழு அகலத்துக்கும் ஒரே ஒரு வரி எழுதினாள். 'ஐம்பது கிலோவுக்கு மேல்: பெரியவர் அளவு. ஒரு வேளைக்கு 1000. நாள் ஒன்றுக்கு 4 தடவை, மொத்தம் 4000. எடை எவ்வளவு இருந்தாலும் இதற்கு மேல் கூடாது.'

அந்த ஒரு வரியை எழுத அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. புத்தகத்தைப் புரட்டினாள், கம்பெனித் தாளைப் படித்தாள், பெரியவர் வார்டு டாக்டரிடம் போய் நின்றாள்.

முடித்ததும் அவள் முதலில் அனுப்பியது அண்ணனுக்குத்தான்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. தலைமை மருந்தாளுநர். கல்லூரியில் நான்கு வருஷம் சீனியர். புருஷன் விட்டுவிட்டுப் போய், கைப்பிள்ளையோடு அவள் திக்குத் தெரியாமல் நின்றபோது இந்த வேலை காலியாக இருப்பதைச் சொல்லி, விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, நேர்முகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். அவர் மனைவி அவளுக்கு அண்ணி. அவர் பெண்ணுக்கு அவள் அத்தை. பெண்ணின் காதுகுத்துக்குப் பந்தலில் நின்று பரிமாறியவள். 'பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே' என்று ஒரு வரியோடு அந்தக் கோப்பை அனுப்பினாள். 'அசத்திட்டேம்மா' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குமேல் ஒரு பேச்சும் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் தரச்சான்றுக் குழு வருகிறது என்று மருத்துவமனையே வெள்ளையடித்துக்கொண்டது. அப்போது ஒருநாள் குழந்தைகள் வார்டுக்குப் போனவள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள். கதவு உயரத்துக்கு, பளபளவென்று நெகிழித்தாள் ஒட்டி, அவளுடைய அட்டவணை. அதே கட்டங்கள், அவள் தேர்ந்தெடுத்த அதே வெளிர்மஞ்சள் பட்டை. தலைப்புக்குக் கீழே தடித்த எழுத்தில் 'வடிவமைத்தவர்' என்று போட்டு, அண்ணனின் பெயர், பட்டம், பதவி. பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ், "குழுவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, மத்த ஆஸ்பத்திரிக்கும் வாங்கிட்டுப் போறாங்களாம்" என்றாள்.

அவள் அந்தப் பெயரை மட்டும்தான் படித்தாள். அதற்குக் கீழே ஒரு எழுத்தையும் படிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, வார்டில் அழக்கூடாது என்று திரும்பி நடந்துவிட்டாள். நேராக அவர் அறைக்குத்தான் போனாள்.

"என்னண்ணே, என் அட்டவணையில உங்க பேரு?"

அவர் முகத்தில் கடுகளவு கூச்சம் இல்லை. "தலைமை பேர்லதாம்மா போகணும். ஆபீஸ் நடைமுறை. உன் பேரு நமக்குள்ள தெரியாதா என்ன? உக்காரு, காபி சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. காபியும் குடிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சுவர் இருக்கும் பக்கமே போகாமல், வார்டில் வேலை இருந்தால் பின்வாசல் வழியாகப் போய்வந்தாள். ரோஷம். அவ்வளவு பெரிய ரோஷம்.

இன்றைக்கு அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை பெயரைத் தாண்டிக் கீழே படித்தாள். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது, எழுநூற்றைம்பது. அதற்குக் கீழே அவளுடைய வரி இல்லை. ஐம்பத்தொன்று இருந்தது, எழுநூற்று அறுபத்தைந்து. ஐம்பத்திரண்டு இருந்தது. அறுபது, எழுபது, எண்பது என்று விரல் இறங்க இறங்க எண்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போயின. நூறு கிலோ, ஆயிரத்து ஐநூறு. அதோடு அட்டை முடிந்தது.

எப்படி நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் கணக்குத் தாளில் கடைசி எண்ணின் மூலையைச் மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் போதும், கணினியே பெருக்கிக்கொண்டு போகும். அட்டை பாதியில் நின்ற மாதிரி இருக்கிறதே என்று அவர் இழுத்திருக்கிறார். இழுப்பதற்கு அந்த நீளமான வரி குறுக்கே நின்றிருக்கிறது. அதை அழித்திருக்கிறார். நூறு கிலோவில் ஒரு முழு எண் வந்ததும் திருப்தியாக நிறுத்தியிருக்கிறார்.

இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் போனதும் அதனால்தான். ஐம்பத்தைந்து கிலோப் பிள்ளைக்கு அட்டைப்படி எண்ணூற்றிருபத்தைந்து. ஆயிரம் போடவேண்டிய இடத்தில் கொஞ்சம் குறைவு, யார் கவனிக்கப் போகிறார்கள்? அறுபத்தாறு கிலோவரை ஆயிரத்தைத் தாண்டவே தாண்டாது. அறுபத்தேழில்தான் தாண்டும். குழந்தைகள் வார்டுக்கு அறுபத்தேழு கிலோவில் யார் வருகிறார்கள்? குண்டூசி வந்தான்.

மருந்து எழுதிய இளம் டாக்டர் ஓடி வந்தார். படிப்பு முடித்து மூன்று மாதம் ஆன பையன். அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆயிரம்தான் உச்சம்னு எனக்குத் தெரியும் மேடம். பெரியவங்க வார்டுல நான் ஆயிரத்துக்கு மேல எழுதினதே இல்ல. இங்க எல்லாமே கிலோ கணக்குன்னு சொன்னாங்க. அட்டை இருக்கேன்னு..."

"சரி, இப்ப அதைப் பேசி என்ன? மருந்தை நிறுத்துங்க. ரத்தத்துல மருந்து அளவு எவ்வளவு இருக்கு, கல்லீரல் எப்படி இருக்குன்னு உடனே பாருங்க. பிள்ளை மூணு நாளா சாப்பிடவே இல்ல, அதையும் எழுதி அனுப்புங்க."

சாயங்காலம் முடிவு வந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் கல்லீரல் எண் இருக்கவேண்டியதைப்போல நாலு மடங்கு. சாப்பிடாத உடம்பு, கொழுப்புப் படிந்த கல்லீரலாகவும் இருக்கலாம், எதற்கும் ஆபத்தை விலைக்கு வாங்கவேண்டாம் என்று பெரிய டாக்டர் முறிமருந்து ஏற்றச் சொன்னார். அதுவும் எடைக் கணக்கு மருந்துதான். அதற்கும் ஓர் உச்ச எடை உண்டு, பையன் அதற்குக் கீழே இருந்ததால் தொண்ணூற்று நாலையும் அப்படியே போட்டுக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கை அவளே மூன்று முறை போட்டுப் பார்த்து, இன்னொருவரையும் போடச் சொல்லி, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் மருந்தை மேலே அனுப்பினாள்.

பையனின் அம்மா அவளை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவள். நிறைய யோசிக்காமல் பேசிப் பழகியவள். "ஏங்க, நீங்க மட்டும் இன்னிக்கு மேல வரலைன்னா எம்புள்ள கதி என்னாயிருக்கும்? இங்க எனக்கு யாரையும் தெரியாது. இனிமே நீங்க ஒருத்தர்தான் எனக்குத் தெரிஞ்சவங்க. எதைப் போட்டாலும் நீங்க ஒரு தடவை பாத்துருங்க, என்ன?"

அவள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்? அந்த அம்மாவின் கை சூடாக அவள் கையைப் பிடித்திருந்தது. உதறவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் கூசியது.

மறுநாள் காலை அண்ணனே மருந்தகத்துக்கு வந்தார். சுவரில் இருந்த அட்டையை அதற்குள் கழற்றிவிட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு இந்தப்புறம் வந்து, பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உன் அட்டவணைல இப்படி ஒரு ஓட்டை இருக்கும்னு நான் நினைக்கவே இல்லம்மா."

அவள் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். "யாரு அட்டவணைண்ணே?"

"நீ போட்டதுதானே? நான் பெரிசு பண்ணி மாட்டினேன், அவ்வளவுதான்."

அட, மனுஷனுக்கு நாக்கு எப்படியெல்லாம் புரளுகிறது. குழு வந்து கைகொடுத்தபோது அது அவர் போட்டது. பிள்ளையின் கல்லீரல் எண் ஏறியதும் அது இவள் போட்டது. பெயரை எடுத்துக்கொண்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. பெயர் போனால் போகிறது, அண்ணன்தானே என்று இரண்டு மாதமாக மனசை ஒருவாறு ஆற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அவர் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்.

"கடைசி வரியை யாரு அழிச்சதுண்ணே?"

"பதவி உயர்வுக்கு எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம். உனக்குத் தெரியாததா? நீன்னா ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாங்க. என்னை அப்படி விடமாட்டாங்க." எழுந்து நின்றார். "பெரிய டாக்டர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன், தயாரிச்சது நீதான்னு. நீயும் அப்படியே சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நேற்றே சொல்லிவிட்டாராம். அவளுக்கு அதுதான் நெஞ்சில் இறங்கியது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியும். அம்மா இல்லாத, புருஷன் இல்லாத காலத்தில் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட மனிதர் வந்து, 'தப்புப் பண்ணிட்டேன், என்னைக் காப்பாத்து' என்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் கொடுத்திருப்பாள். அவர் கேட்கவில்லை. முதலில் அவள் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டு, பிறகு வந்து பேனாவை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் அறையில் விசாரணை. மேசைக்கு அந்தப்புறம் அவர், பக்கத்தில் குறிப்பெழுத தலைமை நர்ஸ். இந்தப்புறம் அண்ணன் ஒரு நாற்காலி, அவள் ஒரு நாற்காலி. நடுவே கழற்றிய அட்டை சுருட்டிக் கிடந்தது.

அவள் வெறுங்கையோடு வரவில்லை. தான் அனுப்பிய கோப்பையும் அதற்கு வந்த பதிலையும் அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மேசையில் விரித்து, கடைசி வரியின்மேல் விரலை வைத்தாள்.

"நான் அனுப்பினது இது டாக்டர். ஐம்பதோட பெருக்கல் நிக்குது. ஆயிரத்துக்கு மேல வேண்டாம்னு இங்க எழுதியிருக்கேன். சுவர்ல மாட்டினதுல இது இல்ல."

பெரிய டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வரி எங்க போச்சு?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் இருமினார். அச்சகத்தில் ஏதோ ஆகியிருக்கலாம் என்றார். பிறகு, தானே சரிசெய்ததில் விட்டுப்போயிருக்கலாம் என்றார். இனி பூசி மெழுக முடியாது என்று தெரிந்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"நான் ஒத்துக்கறேன் டாக்டர். மாத்தினது நான்தான். ஆனா ஒண்ணு. அட்டையை மாட்டின அன்னிக்கே இவங்க வார்டுல நின்னு பாத்தாங்க. பாத்த கையோட நேரா என் ரூமுக்கு வந்தாங்க. என்ன கேட்டாங்க தெரியுமா? அவங்க அட்டவணையில என் பேரு எதுக்குன்னு கேட்டாங்க. அளவு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. போட்டவங்களே பாத்துட்டு ஒண்ணும் சொல்லலைன்னா, நான் சரியா இருக்குன்னுதானே நினைப்பேன்?"

தலைமை நர்ஸின் பேனா நின்றது.

அண்ணனின் அறையில் அன்றைக்கு அவளும் அவரும் மட்டும்தான் இருந்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு, தங்கை அண்ணனிடம் கேட்பதுபோல அவள் கேட்ட கேள்வி அது. அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, இப்போது மேசையில் தூக்கிப் போட்டார். அதைவிடக் கொடுமை, அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அப்படியா?" என்றார் பெரிய டாக்டர். "நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலைமை நர்ஸ் அன்று பக்கத்தில் நின்றவள்தான், ஆனாலும் அவள் மருந்தக்காவைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். எதிரே குனிந்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன் டாக்டர். பேரை மட்டும் பாத்தேன். கீழ படிக்கல. படிச்சிருந்தா அன்னிக்கே கழட்டியிருப்பேன்."

"ஏன் படிக்கல?"

"கோவம் டாக்டர்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. அளவை மாற்றியது ஒருவர் குற்றம், மாற்றியதைக் கண்முன் வைத்துக்கொண்டு படிக்காதது இன்னொருவர் குற்றம், இரண்டையும் எழுதுகிறேன் என்றார். அண்ணனின் பதவி உயர்வு போயிற்று. அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை. இனிமேல் எந்த அட்டையானாலும் இரண்டுபேர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே சுவரேறும், உச்ச அளவு முதல் வரியாகத்தான் இருக்கும் என்று ஓர் உத்தரவு.

வெளியே வந்ததும் அண்ணன் அவள் தோளைத் தொட வந்தார். "மனசுல வச்சுக்காதம்மா. எனக்கு வேற வழி தெரியல."

"கேட்டிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேன்ணே" என்றாள் அவள். அதோடு அந்த உறவில் அவளுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்லீரல் எண் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிட்டது, அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்த்தால் போதும். வீட்டுக்குக் கொடுத்த மருந்தில் பாரசிட்டமால் இல்லை. புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கேப்சூல் மட்டும். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தை விளக்குவது அவள் வேலை. பையை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

பையன் ஊன்றுகோலோடு உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரனிடம் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அம்மா துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க வாங்க. உங்களைப் பாக்காம கிளம்பறதில்லைன்னு இவன்கிட்டச் சொல்லிட்டே இருந்தேன். எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் உங்களைத்தான் சொல்லியிருக்கேன்."

மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். டாக்டர்கள் அந்த அம்மாவிடம் அளவு கூடிப்போனதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். சுவர், அட்டை, யார் பெயர் என்பதையெல்லாம் சொல்லவில்லை. அதை யாரும் அவளைச் சொல்லச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தத் தப்பான அட்டை ரெண்டு மாசமா இந்தச் சுவர்ல இருந்துச்சு. மாட்டின அன்னிக்கே நான் அது முன்னாடி நின்னேன். முழுசா படிச்சிருந்தா உங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அதுல என் பேரு இல்லைன்னு கோவிச்சுக்கிட்டுப் படிக்காம போயிட்டேன்."

அம்மாவின் கையில் பாதி மடித்த சட்டை இருந்தது. அதை மடித்து முடித்தாள். பையில் வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உங்க பேரு இல்லைன்னா?"

"ஆமா."

அம்மா திட்டவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. அவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அண்ணன் முகத்தை அவள் பார்த்த பார்வையும் இதேபோல்தான் இருந்திருக்கும்.

அவள் கேப்சூல் அட்டையை எடுத்தாள். வேலையைச் செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. "இது பெரியவங்க அளவுதாம்மா. எடை கூட இருக்குன்னு கூட்டக் கூடாது. ஒரு வேளைக்கு..."

"நீங்க சொல்ல வேணாம்" என்றாள் அம்மா. "வேற யாரையாவது கூப்பிடுங்க."